பழைய ஜிஎஸ்டி ரிட்டர்ன்: தாமதக் கட்டணச் சலுகைக்குக் காத்திருப்பதா, இப்போதே போடுவதா?

போடாமல் விட்ட ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள் கையில் இருக்கும் வியாபாரிகள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "மறுபடியும் சலுகை வருமா? வந்தால் அப்போது போட்டுக்கொள்ளலாமா?" 2021-லும் 2023-லும் 2025-லும் தாமதக் கட்டணத்தில் தள்ளுபடி வந்தது. அதனால் இந்த எதிர்பார்ப்பில் தவறில்லை. ஆனால் அந்த மூன்று சலுகைகளும் வெவ்வேறு படிவங்களுக்கானவை. அவற்றின் நிபந்தனைகளை இன்றைய கட்டண விகிதத்தோடு ஒப்பிட்டால், பெரும்பாலான சிறு வியாபாரிகளுக்குக் காத்திருப்பதில் கிடைப்பது மிகச் சொற்பம். சிலருக்கு அது நேரடி நஷ்டம். ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும் காத்திருப்பது நியாயமான முடிவாக இருக்கலாம். நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்பதை ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், போர்ட்டல் இன்னும் திறந்திருக்கிறதா?

சலுகையைப் பற்றி யோசிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது காலக்கெடு. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் கொண்டுவந்த திருத்தப்படி, ஒரு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டால் அதைத் தாக்கல் செய்யவே முடியாது. இந்தத் திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருந்தாலும், போர்ட்டலில் இது பூட்டுப் போடத் தொடங்கியது 2025-இல்தான். அதுவரை பழைய மாதங்களைத் திறக்க முடிந்ததால், பலர் இன்னமும் அந்த நினைப்பிலேயே இருக்கிறார்கள்.

தேதியைக் கணக்கிடுவது எளிது. 2023 ஜூலைக்கான மாத வரி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பியின் கடைசி நாள் 2023 ஆகஸ்ட் 20. ஆகவே 2026 ஆகஸ்ட் 20-க்குப் பிறகு அது கிடையாது. 2022-23-க்கான ஆண்டு ரிட்டர்ன், அதாவது ஜிஎஸ்டிஆர்-9, 2023 டிசம்பர் 31-க்குள் போட வேண்டியது. அதற்கான வாசல் 2026 டிசம்பர் 31 அன்று மூடும். 2021-22-க்கான ஆண்டு ரிட்டர்னின் வாசல் 2025 டிசம்பர் 31-ஓடு மூடிவிட்டது.

பழைய சலுகைகளால் அதிகம் பயன்பெற்றவை 2021 ஜூனுக்கு முந்தைய மாதங்கள். அப்போது ஒரு 3பிக்கு தாமதக் கட்டணம் மத்திய, மாநில வரி இரண்டும் சேர்த்து 10,000 ரூபாய் வரை ஏறலாம். அந்த மாதங்கள் எல்லாமே இன்று மூன்று ஆண்டு எல்லையைத் தாண்டிவிட்டன. அவற்றுக்கு இனி கட்டணத் தள்ளுபடி மட்டும் அறிவித்தால் போதாது. தாக்கலையே அனுமதிக்கும் தனி அறிவிக்கை வேண்டும். ஜிஎஸ்டி கவுன்சிலின் பரிந்துரைப்படி குறிப்பிட்ட பிரிவினருக்கு அப்படி அனுமதி தர சட்டத்தில் இடம் உண்டு. அது வரும்வரை, அந்தக் காலத்து வரி பாக்கியை வட்டியோடு டிஆர்சி-03 படிவம் மூலம் தானாக முன்வந்து கட்டுவதுதான் கையில் இருக்கும் வழி.

உங்கள் நிலையைப் பார்க்க போர்ட்டலில் `Services > Returns > Track Return Status` போய், நிதியாண்டு வாரியாக எது போடப்படவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் கடைசித் தேதியையும் அதோடு மூன்று ஆண்டு சேர்த்த தேதியையும் எழுதுங்கள். அடுத்து `Services > User Services > View Notices and Orders` திறந்து பாருங்கள். அங்கே ஏஎஸ்எம்டி-13 என்ற உத்தரவு இருந்தால் முடிவு உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. அது ரிட்டர்ன் போடாதவருக்கு அதிகாரியே உத்தேசமாக வரி நிர்ணயித்த உத்தரவு. அந்த உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் சரியான ரிட்டர்னைப் போட்டு வரி, வட்டி, கட்டணம் கட்டினால் அது தானாக ரத்தாகும். தவறினால், நாளொன்றுக்கு மத்திய வரியில் 100, மாநில வரியில் 100 என்று கூடுதலாகக் கட்டி இன்னும் 60 நாள் பெறலாம். இந்த நிலையில் சலுகைக்காகக் காத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாத ரிட்டர்ன்: கணக்கு என்ன சொல்கிறது

2021 சலுகை 3பிக்கானது. 2017 ஜூலை முதல் 2021 ஏப்ரல் வரையிலான மாதங்களுக்கு, வரி இருந்தால் ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய், விற்பனையோ வரியோ இல்லாத நில் ரிட்டர்னுக்கு 500 ரூபாய். 2021 ஜூன் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31 வரை இருந்த கெடு, பிறகு நவம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டது. அதே அறிவிக்கையில்தான் 2021 ஜூன் மாதத்திலிருந்து நிரந்தர உச்சவரம்பும் வந்தது. நில் என்றால் 500, முந்தைய ஆண்டின் மொத்த டர்ன்ஓவர் ஒன்றரைக் கோடி வரை என்றால் 2,000, ஐந்து கோடி வரை 5,000, அதற்கு மேல் 10,000.

இதைச் சேர்த்துப் பாருங்கள். 2021-இன் சலுகை விகிதம் அப்படியே திரும்ப வந்தாலும், நில் ரிட்டர்ன் போட வேண்டியவருக்கு ஒரு பைசா மிச்சமில்லை. உச்சவரம்பே 500-தான். இரண்டு வருடம் வியாபாரம் இல்லாமல் கிடந்த பதிவுக்கு 24 மாத 3பி பாக்கி என்றால் 12,000 ரூபாய். சலுகை வந்தாலும் அதே 12,000-தான். நில் ரிட்டர்ன்கள் பாக்கி உள்ளவர் காத்திருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

வரி உள்ளவருக்கு என்ன ஆகும் என்று ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடை என்று வைத்துக்கொள்வோம். மாத விற்பனை பத்து லட்சம், வரி 5 சதவீதம், ஆக மாதம் 50,000 ரூபாய் வரி. கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய வரிக்காகக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் 42,000. நேரத்துக்குப் போட்டிருந்தால் ரொக்கமாகக் கட்டுவது 8,000-தான். 2023 ஜூலைக்கான 3பியைப் போடவில்லை. 2026 பிப்ரவரி 20 அன்று போடுகிறார்.

கடைக்காரர் மனதில் போடும் கணக்கு இப்படி இருக்கும்: வரி 8,000. 915 நாளுக்கு 18 சதவீத வட்டி 3,610. தாமதக் கட்டணம் 2,000. மொத்தம் 13,610. இதில் கட்டணம் பெரிதாகத் தெரிவதால் "சலுகை வரட்டும்" என்று தோன்றுகிறது.

உண்மைக் கணக்கு வேறு. 2023-24 நிதியாண்டின் இன்புட் கிரெடிட்டை எடுக்க 16(4) பிரிவின்படி கடைசி நாள் 2024 நவம்பர் 30. அதற்குப் பிறகு போடும் ரிட்டர்னில் அந்த 42,000 கிரெடிட் செல்லாது. ஆகவே முழு 50,000-ஐயும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். வட்டியும் 50,000-க்கு. 915 நாளுக்கு அது 22,562 ரூபாய். கட்டணம் 2,000. மொத்தம் 74,562.

இந்த 74,562-இல் சலுகை தொடுவது 2,000 ரூபாயை மட்டும்தான். 2021 மாதிரி வந்தால் மிச்சமாவது 1,000. ஆனால் 50,000-க்கு மாதம் ஏறக்குறைய 750 ரூபாய் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதம் காத்திருந்தால் சலுகையில் கிடைக்கக்கூடிய லாபத்தைத் தாண்டி வட்டி போய்விடும். மேலே சொன்ன மூன்று தாமதக் கட்டணச் சலுகைகளும் வட்டியைத் தொடவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய மாதத்து 3பியைத் திறந்தால், விற்றவர்கள் காட்டிய பில்களைக் கொண்டு உருவாகும் அந்த மாதத்து ஜிஎஸ்டிஆர்-2பியிலிருந்து கிரெடிட் தொகை அட்டவணை 4-இல் தானாக வந்து நிற்கும். திரையில் தெரிவதால் கிரெடிட் கிடைத்துவிட்டது என்று நினைத்துப் போட்டுவிட்டால், பின்னால் அந்தத் தொகையை வட்டியோடு கேட்டு நோட்டீஸ் வரும். எந்த நிதியாண்டு, அதன் நவம்பர் 30 தாண்டியதா என்று பார்த்த பிறகே அந்த அட்டவணையை நிரப்ப வேண்டும். 2017-18 முதல் 2020-21 வரையிலான ஆண்டுகளுக்கு மட்டும், 2021 நவம்பர் 30-க்குள் போட்ட ரிட்டர்னில் எடுத்த கிரெடிட்டுக்கு 16(5) பிரிவு பாதுகாப்புத் தருகிறது. 2023-24-க்கு அது பொருந்தாது.

பணத்தை முன்கூட்டியே ரொக்கக் கணக்கில் போட்டு வைத்தால் வட்டி நிற்குமா என்ற கேள்வியும் வரும். கடைசித் தேதிக்குள் போட்டு, ரிட்டர்ன் போடும்வரை அப்படியே வைத்திருந்த தொகைக்குத்தான் 88பி விதியில் விலக்கு உண்டு. கெடு முடிந்த பிறகு போட்ட பணம் ரிட்டர்னில் கழிக்கப்படும் நாள் வரை வட்டி ஓடும்.

பதிவு ரத்தாகியிருந்தால் கணக்கு மாறும்

ஆறு மாதத்துக்கு மேல் ரிட்டர்ன் போடாததால் துறையே பதிவை ரத்து செய்திருந்தால், மேலே சொன்ன கிரெடிட் இழப்பைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கவனிக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் இங்கே கிடைப்பது கட்டணத் தள்ளுபடியைவிடப் பல மடங்கு பெரியது.

ரத்து உத்தரவு கிடைத்த 90 நாளுக்குள் ஆர்இஜி-21 படிவத்தில் ரத்தை விலக்கக் கோரலாம். காரணம் காட்டினால் ஆணையர் இன்னும் 180 நாள் வரை நீட்டிக்கலாம். ரத்தான தேதி வரையிலான ரிட்டர்ன்களை விண்ணப்பிக்கும் முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும். ரத்தான தேதிக்கும் விலக்கிய தேதிக்கும் இடைப்பட்ட மாதங்களின் ரிட்டர்ன்களை, விலக்கல் உத்தரவு வந்த 30 நாளுக்குள் போட வேண்டும். அப்படிப் போட்டால், அந்த இடைக்காலத்து கிரெடிட்டை நவம்பர் 30 தாண்டியிருந்தாலும் எடுக்க 16(6) பிரிவு அனுமதிக்கிறது. ஒரே நிபந்தனை: ரத்து உத்தரவு வந்த நாளில் அந்த கிரெடிட்டுக்கு ஏற்கெனவே கெடு முடிந்திருக்கக் கூடாது.

ஆகவே ரத்தான பதிவு உள்ளவர் பார்க்க வேண்டியது சலுகை அறிவிப்பை அல்ல, ரத்து உத்தரவில் உள்ள இரண்டு தேதிகளை: உத்தரவு தேதி, எந்தத் தேதியிலிருந்து ரத்து என்பது. 90 நாளும் நீட்டிப்பும் தாண்டிவிட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி இருந்துவருகிறது. சுகுணா கட்பீஸ் சென்டர் வழக்கில் 2022 ஜனவரி 31 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பதிவை மீட்க அனுமதித்து, நிபந்தனைகள் விதித்தது. பாக்கி வரி, வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். பயன்படுத்தாமல் கிடக்கும் கிரெடிட்டை, அதிகாரி சரிபார்த்து ஒப்புக்கொள்ளும்வரை தொடக் கூடாது. அதன் பிறகு வந்த பல ரிட் மனுக்களில் இதே நிபந்தனைகள் பின்பற்றப்பட்டன. அதற்கு வக்கீல் செலவு உண்டு. வியாபாரத்தைத் தொடர விரும்புபவருக்குத்தான் அது கட்டுபடியாகும்.

கடையையே மூடிவிட்டவர் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்னைப் போட வேண்டும். இதன் கட்டணம் நாளுக்கு 200, உச்சம் 10,000. 50 நாளில் உச்சத்தைத் தொட்டுவிடும். 2023 சலுகையில் இது 1,000 ஆகக் குறைந்தது. மூன்று ஆண்டு பூட்டு இந்தப் படிவத்துக்கு இல்லை. மூடிய நாளில் சரக்கு கையிருப்பு இல்லை, வரி பாக்கி இல்லை, நோட்டீஸும் வரவில்லை என்றால் காத்திருப்பதால் கட்டணம் ஏறாது. கையிருப்பு இருந்தால் அதன் மீதான வரிக்கு வட்டி ஓடும். அப்போது காத்திருக்க வேண்டாம்.

ஆண்டு ரிட்டர்ன்: காத்திருப்பில் அர்த்தம் இருக்கக்கூடிய இடம்

ஜிஎஸ்டிஆர்-9 பாக்கி என்று பதறுபவர்களில் ஒரு பகுதியினருக்கு அது தேவையே இல்லை. டர்ன்ஓவர் இரண்டு கோடி வரை உள்ளவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் விலக்கு கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. மேலே பார்த்த ஈரோட்டுக் கடைக்கு 1.2 கோடிதான். அதனால் அவர் ஆண்டு ரிட்டர்ன் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டு கோடி ஒரு மாநிலத்து விற்பனை அல்ல. ஒரே பான் எண்ணில் இந்தியா முழுக்க உள்ள எல்லாப் பதிவுகளின் கூட்டுத் தொகை, வரிவிலக்குப் பொருள்களின் விற்பனையும் சேர்த்து. புதுச்சேரியில் இன்னொரு கிளை இருந்தால் அதையும் கூட்டிப் பாருங்கள்.

2023 சலுகையில் 2017-18 முதல் 2021-22 வரையிலான ஜிஎஸ்டிஆர்-9-க்கு அதிகபட்சம் 20,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை என்ற கெடு ஆகஸ்ட் 31 வரை நீண்டது. அந்த ஆண்டுகளுக்கு வழக்கமான கட்டணம் நாளுக்கு 200, உச்சம் மாநில டர்ன்ஓவரில் 0.5 சதவீதம். மூன்று கோடி விற்பனைக்கு அது ஒன்றரை லட்சம். அப்போது சலுகை பெரிய விஷயம்.

2022-23 முதல் விகிதமே இறங்கிவிட்டது. ஐந்து கோடி வரை நாளுக்கு 50, உச்சம் மாநில டர்ன்ஓவரில் 0.04 சதவீதம். மூன்று கோடிக்கு 12,000. இது 2023 சலுகைத் தொகையான 20,000-ஐவிடக் குறைவு. ஐந்து கோடி வரை உள்ள யாருக்கும் அதே மாதிரிச் சலுகை திரும்ப வந்தாலும் லாபமில்லை.

ஐந்து முதல் இருபது கோடி வரை உள்ளவருக்கு மட்டும் கணக்கு வேறு. நாளுக்கு 100, உச்சம் அதே 0.04 சதவீதம். பன்னிரண்டு கோடிக்கு 48,000. இது 480 நாளில் உச்சத்தைத் தொடும். அதன் பிறகு ஏறாது. ஆண்டு ரிட்டர்னுக்கென்று தனியாக வட்டி இல்லை. கூடுதல் வரி ஏதும் கட்ட வேண்டியிருந்தால் அதை மட்டும் டிஆர்சி-03-இல் இப்போதே கட்டிவிடலாம். 20,000 என்ற சலுகை வந்தால் 28,000 மிச்சம். இருபது கோடிக்கு மேல் போனால் உச்சம் மறுபடி 0.5 சதவீதம், நாளுக்கு 200 என்பதால் தினமும் ஏறும். அவர்கள் காத்திருப்பது தவறு.

ஆக, ஆண்டு ரிட்டர்ன்களில் ஐந்து கோடிக்கு மேல் இருபது கோடிக்குள், உச்சத்தைத் தொட்டுவிட்ட, நோட்டீஸ் வராத ஜிஎஸ்டிஆர்-9 மட்டும்தான் சற்றுக் காத்திருக்கத் தகுந்தது. அதுவும் எல்லை வைத்துக்கொண்டு. 2022-23-க்கு 2026 டிசம்பர் 31 கடைசி. ரிட்டர்னைத் தயார் செய்து வைத்துவிட்டு, செப்டம்பர் வரை அறிவிப்பு வரவில்லை என்றால் போட்டுவிட வேண்டும். அந்த ஆண்டின் எல்லா ஜிஎஸ்டிஆர்-1, 3பியும் முடிந்த பிறகுதான் 9 திறக்கும், 9 முடிந்த பிறகுதான் அதைக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-9சி. கடைசி வாரத்தில் ஒரு மாதம் விட்டுப்போனது தெரிந்தால் எல்லாமே நின்றுவிடும்.

சலுகை வந்துவிட்டால் உங்களுக்குப் பொருந்துமா

செய்தியில் தலைப்பைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஏமாந்த இரண்டு சமயங்கள் உண்டு. 2025 ஜனவரி 23 அறிவிக்கை 9சிக்கானது. 2017-18 முதல் 2022-23 வரை, ஜிஎஸ்டிஆர்-9 போட்ட பிறகு 9சி போடத் தாமதமான காலத்துக் கட்டணத்தை மட்டும் அது தள்ளுபடி செய்தது, 9சியை 2025 மார்ச் 31-க்குள் போட்டால். 9-ஐயே போடாதவருக்கு, 9 போடும் நாள் வரையிலான கட்டணம் அப்படியே இருந்தது. 128ஏ பிரிவின் திட்டம் இன்னொன்று. அது 2017-18 முதல் 2019-20 வரையிலான டிமாண்டில் வட்டியையும் அபராதத்தையும் தள்ளுபடி செய்தது. தாமதக் கட்டணம் அதில் வராது என்று துறையின் சுற்றறிக்கையே தெளிவாகச் சொன்னது.

அதனால் அறிவிக்கையின் மூல வாசகத்தையே படியுங்கள். எந்தப் படிவம், எந்தக் காலத்து ரிட்டர்ன், எந்தத் தேதிக்குள் போட்டால், எந்த டர்ன்ஓவர் பிரிவுக்கு என்று நான்கும் உங்களுக்குப் பொருந்த வேண்டும். மத்திய வரி அறிவிக்கை பாதிக் கட்டணத்துக்குத்தான். மாநில வரிப் பாதிக்குத் தமிழ்நாடு அரசின் அறிவிக்கையும் வந்திருக்க வேண்டும். ஏற்கெனவே கட்டியவருக்குத் திருப்பித் தருவதில்லை என்பது இவற்றின் வழக்கம். 2023 சலுகை தொடங்கும் முன்பே ஜிஎஸ்டிஆர்-9 போட்டவர்களிடம் சலுகை உச்சத்துக்கு மேல் கட்டணம் கேட்ட நோட்டீஸைக் கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் ஏற்கவில்லை, ஆனால் கட்டிவிட்டதைத் திருப்பித் தரச் சொல்லவுமில்லை.

போடும்போது இன்னொன்று: தாமதக் கட்டணத்தை ரொக்கக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும், இன்புட் கிரெடிட்டில் கழியாது. மத்திய, மாநிலத் தலைப்புகளில் பாதிப் பாதி இருக்க வேண்டும். ஒரு தலைப்பில் பணம் கூடுதலாகக் கிடந்தால் பிஎம்டி-09 மூலம் மாற்றிக்கொள்ளலாம். 3பியில் ஒரு மாதத் தாமதத்தின் கட்டணம் அடுத்த மாதத்து 3பியின் அட்டவணை 5.1-இல்தான் வரும். முதல் பழைய மாதத்தைப் போடும்போது கட்டணம் பூஜ்யம் என்று காட்டினால் அது சலுகை அல்ல. அடுத்த ரிட்டர்னைத் திறந்து பார்த்துவிட்டு சலானில் தொகையைக் கட்டுங்கள். சலுகைக் காலத்தில் ஜிஎஸ்டிஆர்-9 திரையில் பழைய விகிதமே தெரிந்தால் தாக்கல் பொத்தானை அழுத்தாமல் `selfservice.gstsystem.in` தளத்தில் புகார் பதிந்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். தாக்கல் ஆன பிறகு அந்தக் கட்டணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.